ராத்திரி ரயில், காலையில் இன்டர்வியூ: எந்த உடையில் ஏறுவது?

கேள்வி: மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னைக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. ரூம் எடுக்கப் போவதில்லை. டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, உறுதியாகாவிட்டால் பஸ்தான். போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கவும் முடியணும், இறங்கும்போது கசங்கிப் போயும் இருக்கக் கூடாது. அப்படி என்ன டிரஸ் இருக்கிறது? தம்பியும் ஒரு நேர்காணலுக்காகக் கூட வருகிறான், அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

உங்களுக்கு வேண்டியது, பேன்ட், உள்ளே ஒரு பனியன் துணி டாப், மேலே ஒரு குர்தி என்று மூன்று துண்டாகப் பிரிந்த உடை. பேன்ட்டும் உள் டாப்பும் வீட்டில் போட்டது போட்டபடி இன்டர்வியூ முடியும்வரை உடம்பிலேயே இருக்கும். குர்தி மட்டும் பையில் வந்து காலையில் மேலே ஏறும். அதை மாற்றக் கதவு சாத்திய இடம்கூட வேண்டாம், ஒரு நிமிட வேலை. இது சரியாக அமைவதும் சொதப்புவதும் துணியைப் பொறுத்தது. நான் திருப்பூரில் துணிப் பரிசோதனை வேலையில் இருப்பவன் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இஸ்திரி போடும்போது என்ன செய்கிறோம்? துணியில் தண்ணீர் தெளிக்கிறோம், சூடு காட்டுகிறோம், அழுத்துகிறோம். படுத்துத் தூங்கும்போதும் இந்த மூன்றும் இருக்கின்றன. வியர்வை ஈரம், உடம்புச் சூடு, நம் எடை. வித்தியாசம் என்னவென்றால், துணி எப்படிச் சுருண்டு நம் அடியில் கிடக்கிறதோ அந்தக் கோலத்திலேயே விடிய விடிய இஸ்திரி நடக்கிறது. பருத்தி, லினன், ரேயான் மூன்றும் செல்லுலோஸ் இழைகள். ஈரம் பட்டால் இவற்றின் உள்கட்டமைப்பில் இருக்கும் பிணைப்புகள் நெகிழ்ந்துகொடுக்கும். காயும்போது புதிய நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். மடிப்பு நிரந்தரமாவது இப்படித்தான். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், ரேயான் பதின்மூன்று சதவீதம் வரை. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதன் இழை நெகிழ வேண்டுமென்றால் 70 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நம் தோலின் சூடு அதில் பாதிதான். அதனால் பாலியஸ்டர் கலந்த துணியில் படுத்தால் விழும் மடிப்பு மேலோட்டமானது, எழுந்து நடமாடினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கடையில் துணியைக் கையில் பிடித்துக் கசக்கி, விரித்துப் பார்த்துவிட்டு "கசங்காது" என்று எடுத்துவிடுகிறோம். அந்தச் சோதனை இரவுப் பயணத்துக்குப் போதாது, ஏனென்றால் அதில் ஈரமும் இல்லை, நேரமும் இல்லை. ஏசிக் கடையில் இரண்டு விநாடி பிடியில் ரேயான் குர்தி நன்றாகவே தேறும். அதையே போட்டு ராத்திரி முழுக்கப் படுத்தால் காலையில் முதுகுப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பரிசோதனைக் கூடத்தில் ஒரு சிறு துண்டை மடித்து, அதன்மேல் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஐந்து நிமிடம் வைப்போம். பிறகு எடையை எடுத்துவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம் கழித்து, மடிப்பு எத்தனை டிகிரி விரிந்திருக்கிறது என்று அளப்போம். 180 என்றால் முழுக்க நிமிர்ந்துவிட்டது. வீட்டில் இதைவிடப் பொருத்தமான வழி இருக்கிறது. அந்த உடையின் கீழ்ஓரத்தை இரண்டாக மடித்து, அதன்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் டிவி பாருங்கள். எழுந்து, அதை ஹேங்கரில் மாட்டி, பத்து நிமிடம் கழித்து இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். கோடு தெரிந்தால் அந்த உடை பயணத்துக்கு வேண்டாம். பக்கத்தில் போனால்தான் தெரிகிறது என்றால் போதும், எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பேன்ட். பேன்ட், சர்ட் பிட்டு விற்கும் கடைகளில் டெரி விஸ்கோஸ் என்று கேளுங்கள். பாலியஸ்டர் பெரும்பங்கும் விஸ்கோஸ் மீதியுமாகக் கலந்த, ஆபீஸ் பேன்ட்டுக்கான துணி. கொஞ்சம் லைக்ரா கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது, முழங்காலின் பின்பக்கம் விழும் மடிப்பு சீக்கிரம் விட்டுவிடும். தைக்கக் கொடுத்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள். இடுப்பில் முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். நாடா வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கும்போது முடிச்சு வயிற்றில் குத்தும், விடியும்போது தோலில் தடம் இருக்கும். பக்கவாட்டு ஜிப்பும் அப்படித்தான், இடுப்பெலும்பில் அழுத்தும். மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நீளம். கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். ரயிலாக இருந்தாலும் நெடுஞ்சாலை ஓட்டலாக இருந்தாலும் ராத்திரி கழிவறைத் தரை ஈரமாகத்தான் இருக்கும். பலாசோவும் தரை தொடும் பேன்ட்டும் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். துணி கசங்கினால் சரிசெய்ய வழி உண்டு. ஓரத்தில் ஏறிய அந்த ஈரத்துக்கும் வாடைக்கும் காலையில் ஒரு வழியும் கிடையாது.

ஜீன்ஸ் கசங்கியது தெரியாதே என்று தோன்றலாம். தெரியாது, சரி. ஆனால் அதன் தொடைத் தையல் தடித்தது, ரிவிட் முதுகில் அழுத்தும், ஏசியில் ஈரத்தோடு சில்லென்று ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஜீன்ஸை நான் சொல்ல மாட்டேன். லெக்கிங்ஸ் தூங்குவதற்கு மிக வசதி, ஆனால் இன்டர்வியூவுக்கு டெரி விஸ்கோஸ் பேன்ட்தான் நிமிர்ந்து நிற்கும்.

உள்ளே போடும் டாப் பனியன் துணியில் இருக்கட்டும். கடையில் நிட் என்பார்கள். அரைக்கை, வட்டக் கழுத்து. நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கும், மடித்தால் நூலே மடிய வேண்டும். பின்னிய துணியில் நூல் கண்ணி கண்ணியாக இருப்பதால், அழுத்தும்போது கண்ணி நகர்ந்து கொடுத்துவிட்டுப் பிறகு தன் இடத்துக்குத் திரும்பும். அதனால் பருத்தியாகவே இருந்தாலும் பின்னியது அவ்வளவாகக் கசங்காது. இந்த உள் டாப் மட்டும் பருத்தியிலோ, மோடால் என்ற மென்மையான ரேயான் வகையிலோதான் இருக்க வேண்டும் என்பேன். பாலியஸ்டர் தண்ணீரை வாங்காதே தவிர உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும், வியர்வை நாற்றம் அதில்தான் தங்கும். தோலோடு பருத்தி, வெளியே பாலியஸ்டர் கலப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நல்லதும் கிடைக்கும். உள்ளாடையும் கம்பி இல்லாததாக இருக்கட்டும். எட்டு மணி நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

குர்திக்கு கிரேப் துணி நல்லது. அதன் நூலை நெய்வதற்கு முன்பே அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். அதனால் துணியின் மேற்பரப்பே பொடிப் பொடியாகச் சுருங்கியிருக்கும், புதிதாக ஒரு சுருக்கம் விழுந்தாலும் அதில் தனியாகத் தெரியாது. பாலியஸ்டர் கிரேப் சூடாக இருக்குமே என்றால், டெரிகாட்டன். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் அதே வகைக் கலப்பில் மெல்லிய, மென்மையான ரகங்களும் கிடைக்கின்றன. முழங்கால் நீளம், முக்கால் கை, இரண்டு பக்கமும் இடுப்பு வரை வெட்டு. அனார்கலி போல் கொசுவிய அடிப்பாகம் வேண்டாம். நிறத்தில் இரண்டு எல்லையையும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளையில் அழுக்கு தெரியும். கறுப்பிலும் அடர்நீலத்திலும் ரயில் கம்பளியின் பஞ்சு ஒட்டிக்கொண்டு காலையில் நரைத்ததுபோல் நிற்கும். கசங்கல் நம் கண்ணுக்குத் தெரிவதே அதன் நிழலால்தான். சிறிய பூ, புள்ளி, மெல்லிய கட்டம் என்று ஏதாவது ஒரு அச்சு இருந்தால் அந்த நிழல் அதற்குள் கரைந்துவிடும். ஒரே நிறத்தில் பளபளக்கும் துணியில் ஒவ்வொரு கோடும் எடுத்துக் காட்டும்.

இப்போது உங்கள் ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் குர்திக்கு இஸ்திரி போட்டதும் உடனே மடிக்காதீர்கள், கால் மணி நேரம் தொங்க விடுங்கள். சூட்டோடு மடித்தால் மடித்த கோடு அப்படியே பதிந்துவிடும். ஆறியதும், லாண்டரியில் துணி போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கட்டிலில் விரித்து, குர்தியை அதன்மேல் கவிழ்த்துப் போட்டு, கைகளை உள்ளே மடித்து, ஒரு துண்டை நடுவில் வைத்து உறையோடு சேர்த்துச் சுருட்டுங்கள். துணியும் துணியும் உரசிப் பிடித்துக்கொள்ளாமல் பிளாஸ்டிக் வழுக்கிக் கொடுக்கும், துண்டு இருப்பதால் கூர்மையான மடிப்பே விழாது. பையில் எல்லாவற்றுக்கும் மேலே அது இருக்கட்டும். ரயிலில் கொக்கி இருக்கிறதே, மாட்டி வைக்கலாமே என்றால், ஏசி கோச்சில் உறையோடு மாட்டலாம். ஸ்லீப்பரில் வேண்டாம், ஜன்னல் தூசி முழுக்க அதன்மேல்தான் இறங்கும்.

ஏறும்போது பேன்ட், உள் டாப், அதன்மேல் ஒரு பழைய காட்டன் சட்டையோ ஜிப் வைத்த மேலங்கியோ போதும். மூன்றாம் வகுப்பு ஏசியில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி எல்லாம் தருவார்கள். ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அதற்கு மேலே கம்பளியைப் போடுங்கள். பஞ்சு உடையில் படாது. ஸ்லீப்பர் கிடைத்தால் விரிப்பு கட்டாயம் நீங்களே கொண்டுபோக வேண்டும். அங்கே பெர்த் ரெக்சின். நேரடியாகப் படுத்தால் முதுகு வேர்க்கும், வியர்வை போக இடம் இல்லாமல் துணியிலேயே நிற்கும், கசங்குவதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது. நடு பெர்த்தைப் பத்து மணிக்குத்தான் போட முடியும் என்பதால் அதுவரை எல்லோரும் உட்கார்ந்துதான் வர வேண்டியிருக்கும். மடியில் கனமான பையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், தொடையில் கோடு விழுவது அங்கேதான். படுக்கும் முன் எழுந்து நின்று பேன்ட்டைத் தொடையிலிருந்து கீழ்நோக்கி ஒருமுறை தடவி இழுத்துவிட்டுப் படுங்கள். முக்கால்வாசி மடிப்பு படுக்கும் அந்த ஒரு விநாடியில் துணி திரண்டு உருவாவதுதான்.

எழும்பூரில் விடியற்காலையில் இறங்கிவிடுவீர்கள். பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, உடனே குர்தியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, தலை வாரி, அதே மேலங்கியோடு காபி, டிபன் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். சாம்பார் சிந்தினாலும் அதில் சிந்தட்டும். இதற்குள் நின்று, நடந்து, உட்கார்ந்ததில் பேன்ட் தானாகவே விழுந்து நேராகியிருக்கும். ஒன்பது மணிக்கு மேலங்கியைக் கழற்றிவிட்டு, உள் டாப்பின் மேலேயே குர்தியைப் போட்டால் முடிந்தது. டெரிகாட்டன் குர்தியில் எங்காவது கோடு இருந்தால் கையை நனைத்து, உதறிவிட்டு, அந்த இடத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தபடி தடவுங்கள். ஃபேன் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரம்தான் மடிப்பைப் பிடிக்க வைத்தது, அதே ஈரம்தான் அதை விடவும் வைக்கும். முழுப் பாலியஸ்டர் கிரேப்பில் இது பலிக்காது, அதற்குத் தேவையும் வராது. பட்டு கலந்திருந்தால் தண்ணீரைத் தொடவே விடாதீர்கள், கறையாக நின்றுவிடும்.

டிக்கெட் உறுதியாகாமல் பஸ் என்று ஆனால் சில விஷயம் மாறும். ஸ்லீப்பர் பஸ் என்றால் மேலே சொன்னதேதான், உட்காரும் உயரம் மட்டும் குறைவு. செமி ஸ்லீப்பரில் சாய்ந்தபடியே ராத்திரி போவதால் மடிப்பு முதுகில் விழாது, இடுப்பு மடிப்பிலும் முழங்கால் பின்னாலும்தான் விழும். லைக்ரா கலந்த பேன்ட்டின் பலன் அங்கே தெரியும். ஏசிக் காற்று தலைக்கு மேலிருந்து நேராக இறங்கும், நள்ளிரவுக்கு மேல் குளிரும். கனத்த ஸ்வெட்டரைவிட அகலமான பருத்திச் சால்வை நல்லது, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும், உட்கார்ந்த இடத்திலேயே அதற்குள் மேலங்கியையும் மாற்றலாம். வழியில் ஓட்டலில் நிறுத்தும்போது அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கொக்கி இருக்காது, வைக்க இடம் இருக்காது, கையில் இருக்கும் குர்தி தரையில்தான் விழும். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுவதால் அங்கிருந்து நகருக்குள் வர இன்னொரு வண்டி ஏற வேண்டும். காலை நெரிசலில் நின்றுகொண்டு வரும்போதும் குர்தி பையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று கால். எட்டு மணி நேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் சற்று வீங்கும். வீட்டில் அளவாக இருந்த ஷூ காலையில் இறுக்கும். புது ஷூவை இந்த நாளில் தொடங்காதீர்கள். பயணத்துக்கு ரப்பர் செருப்பு, காலையில் நன்றாகப் பழகிய ஷூவோ பட்டை வைத்த செருப்போ. பஸ்ஸில் குளிருக்குச் சாக்ஸ் போட்டால் தளர்ந்த வாயுள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்.

குர்தியை மாற்றவே வழி இல்லை, ஆர்ஏசியில் பாதி சீட்டில் உட்கார்ந்து வர வேண்டியிருக்கிறது என்றால், கிரேப் குர்தியையே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பக்க வெட்டு வேண்டும் என்று சொன்னதன் பயன் இதில்தான். உட்காரும்போதும் சாயும்போதும் பின்பாகத்தை முதுகுக்கு மேலே தூக்கி விட்டுவிட்டு, இடுப்பைச் சால்வையால் சுற்றிக்கொள்ளுங்கள். உடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் பேன்ட் மட்டும் இருக்கும், குர்தியின் அடிப்பாகம் கசங்காமல் வரும். மேல் முதுகில் கொஞ்சம் கசங்கும். துப்பட்டாவையோ கோட்டையோ போட்டால் அந்த இடம் மறைந்துவிடும்.

தம்பிக்கு வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் அவனுக்குக் கைலி இருக்கிறது. ரயிலில் தூங்க அதைவிடத் தோதான உடையை நான் பார்த்ததில்லை. பேன்ட்டின் மேலேயே கைலியைக் கட்டி, உள்ளே பேன்ட்டைக் கழற்றிவிடலாம், கழிவறைக்குப் போக வேண்டியதில்லை. பர்சையும் போனையும் எடுத்துவிட்டு, பேன்ட்டை அதன் இஸ்திரிக் கோட்டோடு சேர்த்து நீளவாக்கில் மடித்து, பெர்த்தில் விரிப்புக்குக் கீழே சுருக்கம் இல்லாமல் தட்டையாகப் போட்டு அதன்மேல் படுக்கட்டும். நேராக வைத்திருந்தால் அவன் எடையே ராத்திரி முழுக்கக் கோடு போட்டுக் கொடுக்கும். கீழே ஒரு செய்தித்தாளை வைத்தால் ரெக்சின் அழுக்கு படாது. சட்டை உங்கள் குர்தியைப் போலவே சுருட்டிப் பையில் வரட்டும், காலர் நசுங்காமல் இருக்க அதன் வளையத்துக்குள் சுருட்டிய சாக்ஸையோ பெல்ட்டையோ வைக்கலாம். கசங்காதது என்று விற்கும் முழுப் பருத்திச் சட்டைகள், மடிப்பு விழாமல் இருக்க ரெசின் என்ற ரசாயனம் ஏற்றியவை. பலமுறை துவைத்தபின் அந்தக் குணம் குறைந்துகொண்டே வரும், எனவே பழைய சட்டையை அந்த லேபிளை நம்பி எடுக்காமல், நான் சொன்ன அரை மணி நேரச் சோதனையில் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கஞ்சி போட்ட சட்டையும் லினன் சட்டையும் இந்த ஒரு பயணத்துக்கு வீட்டிலேயே இருக்கட்டும். பஸ் என்றால் கைலி சரிப்படாது. பாதி ராத்திரியில் ஓட்டலில் இறங்கும்போது இடைஞ்சல், அதனால் டெரி விஸ்கோஸ் பேன்ட்டிலேயே பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டுத் தூங்கட்டும்.